நகைக்கடை இருப்புத் தணிக்கையில் எடை இடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

இருப்பு எடுத்து முடித்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: "மொத்தம் எத்தனை கிராம் குறையுது?" அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. 20 கிராம் குறைவு என்றால், ஒரே நகையில் 20 கிராமா, அறுநூறு நகையில் சிட்டிகை சிட்டிகையாகவா என்பதுதான் விஷயம். வருடக்கணக்கில் இதே வித்தியாசங்களைத் தேடித் தேடி, எந்த அறிகுறிக்கு எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்று நான் எழுதி வைத்திருக்கும் வரிசை இது. காசு செலவில்லாத சோதனைகள் முதலில் வரும்.

ஒரு முன்னேற்பாடு. தேடி முடிக்கும்வரை கணக்கில் எதையும் திருத்தாதீர்கள். "சரிக்கட்டும் பதிவு" ஒன்று போட்டுவிட்டால் வித்தியாசத்தின் வடிவம் அழிந்துவிடும். அப்புறம் துப்பே இருக்காது.

## அறிகுறி 1: எண்ணிக்கை சரியாக இருக்கிறது, எடை மட்டும் இடிக்கிறது

வெவ்வேறு ட்ரேயிலிருந்து இருபது நகைகளை எடுங்கள். மோதிரமும் இருக்கட்டும், கனமான ஆரமும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் எடை போட்டு, கணக்கிலுள்ள எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த இருபது எண்களும் மூன்று விதங்களில் ஒன்றாக வரும்.

### எல்லா நகையிலும் ஏறக்குறைய ஒரே வித்தியாசம்

இரண்டு கிராம் மோதிரத்திலும் 0.03 கிராம், நாற்பது கிராம் ஆரத்திலும் 0.03 கிராம் என்றால், தராசை விட்டுவிட்டு டேக்கைப் பாருங்கள். டேக்கையும் நூலையும் சேர்த்து இருபது எண்ணிக்கை எடுத்து ஒன்றாக எடை போட்டு, இருபதால் வகுக்க வேண்டும். ஒரு டேக்கைத் தனியாகப் போட்டால் கடைசி இலக்கம் ஆடும், நம்ப முடியாது.

ஒரு கடையில் இருபது டேக்குக்கு 1.640 கிராம் வந்தது, அதாவது ஒன்றுக்கு 0.082. நகையை டேக்கோடு எடை போடுவார்கள், டேக் எடையை மென்பொருள் கழித்துவிடும். அதில் டேக் எடை 0.050 என்று கிடந்தது. பழைய காகித டேக்கை மாற்றி பிளாஸ்டிக் டேக் வாங்கியிருக்கிறார்கள், அந்த எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. 0.032 கிராம் வித்தியாசம், 640 நகை, ஆக 20.48 கிராம். இருப்பில் இவ்வளவு கூடுதலாகத் தெரிந்ததால் அதைத் தேட யாரும் மெனக்கெடவில்லை. கூடுதல் வந்தால் யாரும் பதறுவதில்லை. அந்த இருபது கிராமுக்குப் பின்னால் உண்மையான குறைவு ஒன்று ஒளிந்திருந்தாலும் வெளியே தெரியாது.

### நகை கனமாகக் கனமாக வித்தியாசமும் வளர்கிறது

இது தராசின் வேலை. மின்தராசு போட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்க வேண்டும். மின்விசிறியும் ஏசிக் காற்றும் தட்டின் மேல் படக்கூடாது. இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டு, சான்றிதழ் உள்ள 100 கிராம் எடைக்கல்லை வையுங்கள். எஃப்2 வகுப்புக் கல் என்றால் அதன் சொந்தப் பிழை 1.6 மில்லிகிராமுக்குள் இருக்கும். எனவே தராசு 99.940 என்று காட்டினால் கல்லைக் குறை சொல்ல வழியில்லை. 0.06 சதவீதம்தானே என்று தோன்றும். ஐந்து கிலோ இருப்பில் அது மூன்று கிராம்.

அதே கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் நகர்த்திப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால், நீளமான சங்கிலியைத் தட்டில் எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து எடை மாறும். நடுவில் சின்னக் கிண்ணம் வைத்து எடை போடுவது தற்காலிகத் தீர்வு.

கடையில் இரண்டு தராசு இருந்தால், கொள்முதல் எதில் போடப்பட்டது, இருப்பு எதில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஒன்று இரண்டு இலக்கமும் மற்றது மூன்று இலக்கமும் காட்டும் தராசாக இருந்தால் நகைக்குச் சில மில்லிகிராம் இடிப்பது இயல்பு. முறையாக முழுமையாக்கினால் அது கூடியும் குறைந்தும் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்றாவது இலக்கத்தை யாராவது வெறுமனே வெட்டிவிட்டு எழுதும் பழக்கம் இருந்தால்தான் ஒரே பக்கமாகச் சேரும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: தராசின் சொந்த அளவுத்திருத்தத்தை ஒருமுறை ஓட்டிய பிறகும் எடைக்கல் எண் சரிவராவிட்டால், அல்லது மூலைப் பிழை இருந்தால், தராசு நிபுணரை வரவழையுங்கள். முத்திரை உடைத்து நீங்களே திருகாணியைத் தொட வேண்டாம். அந்தத் தராசில் அன்று எடுத்த இருப்பையும் மறுபடி எடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

### பெரும்பாலானவை சரி, நாலைந்து மட்டும் தாறுமாறு

இங்கே முதலில் கல் வைத்த நகையா என்று பாருங்கள். மொத்த எடை ஒத்துப்போய் நிகர எடை மட்டும் இடித்தால், வித்தியாசத்தைக் கல்லின் கேரட்டால் வகுத்துப் பாருங்கள். 0.8 வந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. கேரட்டை கிராம் என்று கழித்திருக்கிறார்கள். 24.600 கிராம் பதக்கம், கல் 3.5 கேரட். ஒரு கேரட் 0.2 கிராம் என்பதால் கழிக்க வேண்டியது 0.700, நிகரம் 23.900. கணக்கில் 21.100 இருந்தது. 2.800-ஐ 3.5-ஆல் வகுத்தால் 0.8.

கல் இல்லாத நகை என்றால் டேக் மாறியிருக்கலாம். ஒன்றில் +1.240, இன்னொன்றில் −1.240 என்று ஜோடி கிடைக்கிறதா என்று தேடுங்கள். வாடிக்கையாளருக்கு ஒரே மாதிரியான இரண்டைக் காட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது நடப்பது. ஜோடி கிடைக்காவிட்டால், மாறிப்போன இன்னொன்று விற்பனையில் போயிருக்கும். அந்த வடிவமைப்பில் அண்மையில் போட்ட பில்களைப் பாருங்கள்.

## அறிகுறி 2: எண்ணிக்கையே குறைகிறது

இதில் நீட்டி முழக்க அதிகமில்லை. வேறு ஒருவரை வைத்து, முதல் எண்ணிக்கையைக் காட்டாமல் இரண்டாம் முறை எண்ணச் சொல்லுங்கள். பிறகு கடையை விட்டு வெளியே இருக்கும் நகைகளைக் கேளுங்கள்: பழுதுபார்க்க ஆசாரியிடம் போனவை, ஹால்மார்க் முத்திரைக்குப் போனவை, வாடிக்கையாளர் வீட்டில் காட்ட எடுத்துப் போனவை, கிளைக்கு அனுப்பியவை. வாய்மொழியாக "அங்கே இருக்கு" என்பது பதில் ஆகாது. கையெழுத்துள்ள சீட்டு வேண்டும், அங்கிருந்து இன்றைய தேதியில் உறுதியும் வேண்டும். கடைசியாக, இருப்பு எடுக்கும் நேரத்தில் பில் போட்டு இன்னும் கணக்கில் ஏறாத விற்பனை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நகை இல்லை என்றால், அன்றைக்கே உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். கேமரா பதிவு சில நாளில் அழிந்து புதிதாக ஓடும். காப்பீட்டுக்காரருக்கும் காவல்துறைக்கும் எப்போது போவது என்பது உரிமையாளரும் வழக்கறிஞரும் எடுக்க வேண்டிய முடிவு. ஊழியரை உட்கார வைத்து விசாரிப்பது தணிக்கை செய்பவரின் வேலை அல்ல.

## அறிகுறி 3: தூய்மைச் சோதனைப் பதிவு நம்பும்படி இல்லை

### எல்லா வரியிலும் 91.60

எக்ஸ் கதிர் பாய்ச்சித் தூய்மை பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் ஒரே நகையை மூன்று முறை பார்த்தாலும் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் ஆடும். பதிவேட்டில் அடுத்தடுத்து நாற்பது வரி 91.60 என்றிருந்தால், எழுதியது மனிதக் கை. பதிவேட்டை மூடிவிட்டு மெஷினுக்குள்ளேயே சேமித்திருக்கும் அளவீடுகளைத் தேதி நேரத்தோடு எடுத்துத் தரச் சொல்லுங்கள். நான் இதில் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, நேரத்தை. பில் 11.20-க்கு, சோதனை 11.45-க்கு என்றிருந்தால், பணம் முடிந்த பிறகு பதிவுக்காகச் செய்த சோதனை அது.

அன்றைய முதல் அளவீடு தெரிந்த தூய்மையுள்ள மாதிரித் துண்டின் மேல் எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அன்றைய எல்லா எண்ணும் சந்தேகத்துக்குரியவை. மாதிரித் துண்டு எண்ணே விலகியிருந்தால் மெஷின் நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

### ஒரே நகைக்கு இரண்டு எண்

எக்ஸ்ஆர்எஃப் தங்கத்தின் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது, சில மைக்ரான் ஆழம் அவ்வளவுதான். முலாம் பூசிய நகை அதற்குச் சொக்கத்தங்கம் போலத் தெரியும். முலாமே இல்லாவிட்டாலும், அமிலத்தில் ஊறிய நகையின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோய்த் தங்கத்தின் பங்கு உயர்ந்திருக்கும். பற்றவைத்த இடத்தில் வைத்தால் நேர்மாறாக எண் குறையும்.

சோதனை எளிது. மறைவான இடத்தில் லேசாக அரம் போட்டு, அந்த இடத்தில் மீண்டும் பாருங்கள். பற்றவைப்பு இல்லாத மூன்று இடங்கள் போதும். அரம் போட்ட இடத்து எண் மேற்பரப்பை விடத் தெளிவாகக் குறைந்தால் அரம் போட்ட எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விற்பனை நகையில் அரம் போட முடியாது. பழைய தங்கத்தில் தாராளமாகப் போடலாம், வாடிக்கையாளர் சம்மதித்தால்.

இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளாத கட்டத்தில் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆய்வகத்தில் ஃபயர் அசே, அதாவது மாதிரியை உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து எடை போடும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 11426 வரையறுக்கும் முறை அதுதான். அதற்கு நகையிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த எடையையும் சீட்டில் எழுத மறக்காதீர்கள்.

## அறிகுறி 4: பழைய தங்கத்தை உருக்கியதும் குறைகிறது

அதிகமான சண்டைகள் இங்கேதான். உருக்கியவர் "அழுக்கு போச்சு" என்பார், வாங்கியவர் "மெஷின் காட்டினதைத்தான் எழுதினேன்" என்பார். யார் சொல்வது சரி என்பதை எடையும் தூய்மையும் சேர்ந்து சொல்லிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் சொல்லாது. வாங்கும்போது எழுதிய நிகர எடையையும் தூய்மையையும், உருக்கிய கட்டியின் எடையையும் தூய்மையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

எடை குறைந்து, தூய்மை அப்படியே இருந்தால்: கழிக்க வேண்டிய அழுக்கு, அரக்கு, மெழுகு, நூல் ஆகியவற்றை வாங்கும்போது கழிக்கவில்லை. அல்லது மூசையிலும் வெண்காரக் கசடிலும் தங்கமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கசடை இடித்துப் பார்த்தால் ரவை தெரியும்.

எடை சற்றுக் குறைந்து, தூய்மை சற்று ஏறினால்: துத்தநாகமும் செம்பும் எரிந்து கசடுக்குப் போயிருக்கின்றன. சுத்தத் தங்கம் பத்திரமாக இருக்கிறது, சண்டைக்கு வேலையில்லை.

எடை அப்படியே, தூய்மை குறைந்தால்: வாங்கும்போது தூய்மையைக் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். அல்லது பையிலிருந்த நல்ல துண்டு போய் மட்டமான துண்டு வந்திருக்கிறது.

இரண்டும் குறைந்தால்: இரண்டு பிழைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரித்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

இந்தக் கடைசி வகையில் நான் பார்த்த ஒரு கணக்கை முழுதாகச் சொல்கிறேன். ஒரு மாதத்துப் பழைய தங்கச் சீட்டுகள் பதினாலு. மொத்த எடை 312.480 கிராம், கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்தது 18.260, நிகரம் 294.220. சீட்டுகளில் எழுதிய தூய்மையின் சராசரி 88.0 சதவீதம். அப்படியானால் வாடிக்கையாளர்களுக்கு வரவு வைத்த சுத்தத் தங்கம் 258.914 கிராம். உருக்கிய கட்டி 289.350 கிராம், ஆய்வகம் சொன்ன தூய்மை 86.9. உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 251.445. ஏழரை கிராம் போல, சரியாகச் சொன்னால் 7.469 கிராம் காணோம்.

பிரிப்பது இப்படி. எடையில் குறைந்த 4.870 கிராமை 88.0 சதவீதத்தால் பெருக்கினால் 4.286. கட்டியின் எடையான 289.350-ஐத் தூய்மையில் இறங்கிய 1.1 சதவீதத்தால் பெருக்கினால் 3.183. இரண்டையும் கூட்டினால் அதே 7.469. இனி இரண்டையும் தனித்தனியாகத் துரத்தலாம்.

தூய்மைப் பங்கை முதலில் எடுத்தேன், ஏனென்றால் மெஷினில் நினைவுப் பதிவு இருந்தது. கனமான சீட்டிலிருந்து இறங்கிவந்தால் போதும், இரண்டு கிராம் தோட்டில் மூன்று கிராம் தொலைய முடியாது. 41.600 கிராம் ஆரம் ஒன்று சீட்டில் 91.6. மெஷினிலோ அந்த ஆரத்துக்கு இரண்டு அளவீடு: முதலில் 91.6, நான்கு நிமிடம் கழித்து அரம் போட்ட இடத்தில் 84.0. ஊழியர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்திருக்கிறார், எழுதும்போது முதல் எண்ணை எழுதிவிட்டார். 7.6 சதவீத வித்தியாசம், 41.600 கிராமுக்கு 3.162 கிராம். மிச்சம் 0.021. அதைத் தேடப் போகவில்லை.

எடைப் பங்கு அவ்வளவு சுத்தமாக முடியவில்லை. அதே உலையில் முந்தைய உருக்குகளில் 0.4 முதல் 0.5 சதவீதம் குறைவது அந்தக் கடையின் வழக்கம். அந்தக் கணக்கில் 1.3 கிராம் போல எதிர்பார்க்கலாம், நடந்தது 4.870. சீட்டுகளை மறுபடி புரட்டியபோது அரக்கு வைத்த வளையல் ஜோடி ஒன்று கண்ணில் பட்டது: 38.200 கிராம், கழிவு சைபர். மூன்றரை கிராம் அரக்கு அதற்குள் இருக்கலாம். ஆனால் உருக்குவதற்கு முன் சூடு காட்டி அரக்கை எடுத்து மறுபடி எடை போட்ட பதிவு இல்லை, கசடையும் கொட்டிவிட்டார்கள். "பெரும்பாலும் இந்த வளையல், நிரூபிக்க முடியாது" என்றுதான் அறிக்கையில் எழுதினேன். நிரூபணம் இல்லாததை நிரூபணம் போல எழுதினால் யாராவது ஒருவர் சம்பளத்தில் அது கழியும்.

அடுத்த மாதத்திலிருந்து சீட்டில் ஒரே ஒரு கட்டம் சேர்த்தார்கள்: சூடு காட்டிய பின் எடை. ஒவ்வொரு சீட்டுக்கும் தனிப்பை, சீல், மேலே சீட்டு எண். உருக்கும் வரை பையைக் கலக்கக்கூடாது. கலந்துவிட்டால் பதினாலு சீட்டும் ஒரே குற்றவாளி ஆகிவிடும்.

கட்டியின் தூய்மையை நம்புவதற்கு முன் ஒன்று. மேல் முகத்தில் ஒரு மூலை, அடி முகத்தில் எதிர் மூலை என்று இரண்டு இடத்தில் துளைத்து மாதிரி எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உருக்கு சரியாகக் கலக்கவில்லை என்று பொருள், மறுபடி உருக்கிக் கிளறி ஊற்ற வேண்டும். அதுவரை யார் மேலும் பழி போட வேண்டாம்.

எப்போது ஆய்வகம்: சுத்தத் தங்கக் கணக்கில் வித்தியாசம் உங்கள் உலையின் வழக்கமான அளவைத் தாண்டி, மெஷின் பதிவும் விடை தராதபோது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சீல் வைத்துக் கடையிலேயே வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புங்கள்.

## அறிகுறி 5: ஷோரூமில் கூடுதல், பழைய தங்கத்தில் குறைவு

இரண்டு கணக்கையும் வெவ்வேறு ஆட்கள் பார்க்கும் கடைகளில் இது மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும். நல்ல நிலையில் வந்த பழைய நகையைப் பாலிஷ் போட்டு, டேக் மாட்டி, ட்ரேயில் வைத்துவிடுவார்கள். மாற்றச் சீட்டு போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. போடாவிட்டால் ஒரு பக்கம் சீட்டு இருந்து நகை இல்லை, மறுபக்கம் நகை இருந்து கொள்முதல் இல்லை.

ஷோரூமில் கொள்முதல் பில் கிடைக்காத டேக்குகளைப் பட்டியல் எடுத்து, அவற்றின் எடையைப் பழைய தங்கச் சீட்டுகளின் எடையோடு ஒப்பிடுங்கள். பாலிஷில் கொஞ்சம் தேய்ந்திருக்கும், எனவே சீட்டு எடையை விடச் சற்றுக் குறைவாக இருப்பதைத் தேடுங்கள். சீட்டிலுள்ள புகைப்படம் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

எடை பொருந்திவிட்டால் தூய்மையையும் பார்த்துவிடுங்கள். பழைய தங்கமாக 88 என்று வாங்கிய வளையல் புது டேக்கில் 916 என்று நிற்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் அது எடைப் பிழை அல்ல. அந்த ட்ரேயை விற்பனையிலிருந்து எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, ஏற்கெனவே விற்ற நகைகளில் இதுபோல எத்தனை போயின என்று உரிமையாளரும் அவருடைய வழக்கறிஞரும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.